மாப்பிள்ளை ஷூ

எங்கள் பக்கம் ரிசப்ஷனுக்குக் கோட்டும் ஷூவும் பெண் வீட்டு வரிசை. நிச்சயம் முடிந்த கையோடு பெண்ணின் தம்பி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான், கையில் கறுப்புத் தோல் ஷூ. எட்டாம் நம்பர்.

"எப்படி என் சைஸ் கண்டுபுடிச்ச மச்சான்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன் மாமா. போட்டுப் பாருங்க."

போட்டேன். மரப்பெட்டிக்குள் காலை நுழைத்தது போலிருந்தது. ஆனால் வரிசையில் வந்ததைக் குறை சொன்னால் வம்பு. அவன் முகம் வாடுவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஜோர்" என்றேன்.

மேடையில் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். அதனால் தினமும் மாலை தடித்த சாக்ஸ் போட்டு, குதிகாலில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டி, வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடப்பேன். உறுத்த ஆரம்பித்ததும் கழற்றிவிடுவேன். பின்பக்கத் தோலை விரலால் அழுத்தி அழுத்தி வளைப்பேன். என் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே ஊர்வலமாடா?" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு வலித்தது ஒரு வலி இல்லை, இரண்டு. குதிகால் உரசல் நாளுக்கு நாள் குறைந்தது. விரல் நுனி வலியோ இம்மியும் குறையவில்லை. கட்டைவிரல் முன்னால் போய் முட்டியது, சுண்டுவிரல் மரத்தது. இது மட்டும் ஏன் பழகவில்லை? ஷூவுக்குள் கிடந்த அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். விரல்கள் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தோல் இளகும், அகலத்தில் கொஞ்சம் விட்டும் கொடுக்கும்; நீளத்துக்கு வளராது. தப்பு என் காலில் இல்லை, நம்பரில்.

மச்சானை வீட்டுக்கு வரவழைத்து, அட்டைமேல் நின்று காட்டினேன். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அன்னிக்கு நீங்க பொண்ணு பார்க்க எங்க வீட்டுக்கு வந்தப்ப வாசல்ல இருந்த செருப்ப அளந்தேன் மாமா. பிரவுன் கலர்..."

அது என்னோடு வந்திருந்த அப்பாவின் செருப்பு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. அவனும் சிரித்தான்.

அன்று மாலையே, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து ஷூ கடைக்குப் போய், இரண்டு காலிலும் போட்டு நின்று ஒன்பதாம் நம்பர் எடுத்தோம். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. ஆனால் கல்யாணம் நெருங்கிவிட்டது, பழக்க நாளில்லை.

பழைய ஜோடியை அப்பாவிடம் நீட்டினேன். "எனக்கெதுக்குடா ஷூ?" என்றவர், கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார்.

சிதம்பரத்தில் ரிசப்ஷன் மேடையில் என் குதிகால் எரிந்தது. அது போகிற வலி என்று தெரிந்ததால் பொறுத்துக்கொண்டேன். கீழே அப்பா பந்திக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பிறந்ததிலிருந்து ஷூ போடாத மனிதர், ஒரு கொப்புளம் இல்லாமல். அத்தனை நாளும் நான் அவருக்காகத்தான் நடந்திருக்கிறேன். என் கண் கலங்கியது. மனைவி மெல்லக் கேட்டாள், "ஷூ கடிக்குதா?"