பதினான்கு நொடிக்கு ஒரு கைநாட்டு

கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டின் மேல் இருந்த ஒரு கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்ததால் ட்ரோன் ஓட்டுவதும் என் வேலையானது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. முதலாளி அண்ணன் ட்ரோனைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பார். அந்த மாதங்களில் வயலையும் ஏரியையும் எடுத்து ஸ்டாக் வீடியோவாக விற்கலாம் என்று சொன்னது நான்தான். இணையத்தில் அதற்கென்று நூலகங்கள் இருக்கின்றன. நாம் ஏற்றிவைக்கும் கிளிப்பை எங்கோ இருக்கும் விளம்பரக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். நமக்கு அதில் ஒரு பங்கு வரும். கணக்கு என் பேரில், என் பான் கார்டில். கருவி அவருடையது. வருவதில் பாதிப் பாதி.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். 4K தான், அதற்குக் கீழே வேண்டாம். பத்து முதல் இருபது நொடி. கை ஆடக்கூடாது. டிராக்டரிலோ உர மூட்டையிலோ கம்பெனி பேர் தெரியக்கூடாது. விமான நிலையம் இருக்கும் வடக்குப் பக்கம் ட்ரோன் ஏற்றக்கூடாது, அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் நம் பக்கம் மட்டும். கடைசி விதியைச் சிவப்பில் எழுதினேன்: முகம் தெரிந்தால் அந்த ஆளின் சம்மதப் பத்திரம் வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு. பத்திரம் இல்லையென்றால் ‘எடிட்டோரியல்’ என்று குறித்துத்தான் ஏற்ற வேண்டும். செய்திக்கும் பாடத்துக்கும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குக் கூடாது.

அண்ணன் முதல் வாரமே ஒரு விதியை உடைத்தார். பழைய கல்யாண வீடியோவைச் சாஃப்ட்வேரில் 4K ஆக இழுத்து ஏற்றினார். புகைபோல் மங்கியிருந்தது என்று நூலகம் அத்தனையையும் தள்ளிவிட்டது. “கம்ப்யூட்டருக்குக் கூட கண்ணு இருக்குதே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குருவிநத்தத்தில் நடவு நடந்தபோது போனேன். மேலேயிருந்து எடுத்த வரிசைகளில் யார் முகமும் தெரியாது, பத்திரம் தேவையில்லை. பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். நடவுக்கு ஆள் கூட்டி வரும் அக்கா நிமிர்ந்து, கன்னத்துச் சேற்றை முழங்கையால் துடைத்து, பக்கத்தில் யாரோ சொன்னதற்குச் சிரித்தார். பதினான்கு நொடி. அதைவிட நல்லதாக நான் எதையும் எடுத்ததில்லை.

பத்திரத்தை நீட்டினேன். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடி இது, இங்கிலீசா? வீடியோ வேணும்னா வச்சிக்க. புரியாத பேப்பர்ல நான் கை வைக்க மாட்டேன்.”

“சரிக்கா. அப்போ செய்திக்கு மட்டும்னு போட்டுடறேன்.”

“விளம்பரத்துல வராதில்ல? சோப்பு டப்பால என் மூஞ்சிய ஒட்டிடப் போறானுங்க.”

“வராதுக்கா.”

அந்த வார்த்தையை நான் கொடுத்தேன். அன்று மாலையே எடிட்டோரியல் என்று குறித்து, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குத் தயாராக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சில மாதம் கழித்து அக்கா ஸ்டூடியோவுக்குள் செருப்போடு வந்தார். கையில் போன். சமையல் வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரம். அதே சேறு, அதே சிரிப்பு. மேலே கொட்டை எழுத்தில்: ‘கடனைக் கட்ட முடியவில்லையா? ஐந்து நிமிடத்தில் புதுக் கடன்!’

“எங்க குழுவுக்கு நான்தான் தலைவி. பதினாலு பொம்பளைங்க பணத்துக்கு பேங்கில நான் பதில் சொல்றவ. நேத்து கூட்டத்துல ஒருத்தி கேக்கறா, ‘இன்னா யக்கா, எங்க கிட்ட வாங்கினது பத்தாதுன்னு போன்லயும் வாங்கி முழுங்கிட்டியாமே’ன்னு. அடுத்த மாசம் பேங்குக்காரன் புதுக் கடனுக்கு வரான். அதுக்குள்ள இது நிக்கணும். நீதானே வராதுன்னு சொன்ன?”

கணக்கைத் திறந்தேன். கிளிப் எடிட்டோரியலில் இல்லை, விளம்பரத்துக்கு விற்கும் பிரிவில் இருந்தது. கூடவே ஒரு சம்மதப் பத்திரம். அக்காவின் பேர், ஊர். கையெழுத்து இடத்தில் நீல மையில் ஒரு கைநாட்டு. சாட்சி இடத்தில் என் பேர், என் கையெழுத்து மாதிரி ஒன்று.

அண்ணன் நாற்காலியைவிட்டு எழவில்லை.

“எடிட்டோரியல்ல எவன் வாங்குவான்? அதான் மாத்திப் போட்டேன். மத்ததெல்லாம் ஒரு தடவ போனா டீக்காசு வருது. இது ஒன்னு மட்டும் உன் கணக்குல ஆயிரத்து எரநூறு போட்டுச்சு இல்ல? அப்ப இனிச்சுது.”

பணம் வந்ததைப் பார்த்திருந்தேன். ஏரி கிளிப் விலைபோயிருக்கிறது என்று அண்ணன் சொன்னார், நம்பினேன்.

“யாரோட ரேகை இது?” என்று கேட்டேன்.

“என்னோடதுதான். நாத்து நடறவங்க வேற இன்னா வைப்பாங்க?”

அதுவரை கத்திக்கொண்டிருந்த அக்கா திரைக்கு அருகில் வந்து அந்த நீல ரேகையைப் பார்த்தார்.

“கைநாட்டா? என்ன கைநாட்டுன்னு போட்டியாடா? எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். மாசா மாசம் பேங்கில முழுப் பேர் எழுதறவ. உன் கல்யாண ஆல்பத்துல ‘மணமக்கள்’னு எழுத ரெண்டு சுழியா மூணு சுழியான்னு உனக்குத் தெரியுமாடா?”

“யக்கா, ஒரு விளம்பரம்...”

“யக்கான்னு கூப்பிடாத.”

கிளிப்பை அந்த நிமிடமே நீக்கினேன். ஆனால் நாம் நீக்கினால் இனிமேல் விற்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியவர் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். அவரை நிறுத்தச் சொல்ல நூலகத்தால்தான் முடியும். அதற்கு, பத்திரம் பொய் என்று நான் எழுத வேண்டும். கணக்கு என் பேரில். பொய்ப் பத்திரம் என்றால் கணக்கை மூடுவார்கள். அண்ணனுக்கும் அது தெரியும்.

“எழுதினா உன் கிளிப்பு எல்லாம் போயிடும்மா. அந்தக் கணக்குல என் பேர் எங்கயும் இல்ல. யோசிச்சிக்க.”

யோசிக்க ஒன்றுமே இல்லை. என் கையெழுத்தின் சுழியை அவர் எங்கே பார்த்துப் பழகினார் என்று நினைத்தேன். சம்பளம் வாங்கும்போது நான் போட்ட கையெழுத்தாக இருக்கும். அந்த நினைப்பிலேயே அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மேலே தமிழில், கீழே ஆங்கிலத்தில். இந்த வீடியோவில் இருப்பவர் சம்மதம் தரவில்லை. இந்த ரேகை அவருடையதல்ல. சாட்சிக் கையெழுத்து என்னுடையதல்ல. பத்திரத்தைத் தயாரித்தவர் இந்த ஸ்டூடியோவின் உரிமையாளர்.

அக்கா தமிழை இரண்டு முறை படித்தார். “‘தரவில்லை’ போதாது. ‘கேட்டேன், மறுத்துவிட்டார்’னு போடு.” மாற்றினேன். பிறகு என் பேனாவை வாங்கி, தமிழுக்குக் கீழே மட்டும், முழுப் பேரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் நாற்று மாதிரி தனித்தனியாக நின்றது. அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் பிடித்து அனுப்பினேன். சில நாளில் பதில் வந்தது. விற்ற உரிமம் ரத்தானது, வாங்கியவருக்கு நிறுத்தச் சொல்லி அறிவிப்பு போயிற்று, என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, மீதித் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. ஏரியும் கரும்பும் பனி விழுந்த செலியமேட்டு வரப்பும் ஒரே வரியில் போயின. இன்னொரு நூலகத்தில் கணக்குத் திறக்கும்போது இதற்கு முன் மூடப்பட்டதா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

விளம்பரம் நின்றது. பேங்குக்காரர் வருவதற்குள் நின்றது. அவர் வந்த குழுக் கூட்டத்தில் அக்கா நூலகத்தின் பதிலை என்னைத் தமிழில் படிக்கவைத்தார், கேள்வி கேட்ட பெண்ணை முதல் வரிசையில் உட்காரவைத்து. கடன் கிடைத்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: “உன் கணக்கு போச்சு. அவனுக்கு இன்னா போச்சு?”

“ஒன்னும் போகலக்கா.”

“கேஸ் குடுக்கலாமா?”

“குடுக்கலாம்.”

“குடுப்போம். சாட்சி கையெழுத்து இந்தத் தடவ நீயே போடு.”

போன முகூர்த்தத்தில் பாகூர் பக்கம் ஒரு மண்டபத்தைக் கடந்து போனேன். மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் ரிமோட்டைப் பிடித்து நின்றார். ரேகை வைத்த அந்தக் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியை மெல்ல முன்னால் தள்ளியது. மணமக்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் வண்டியை நிறுத்தாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன், அக்கா அங்கே காத்திருந்தார்.