ஒரு மணி நேரம் பொம்மையாக நின்ற என் ஓரகத்தி

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, ஆள் இருக்கிற இடமே தெரியாது. நானும் அவளும் ஒரே துணிக்கடையில்தான் வேலை பார்க்கிறோம். கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டு, வாங்கினவர்களுக்கு அளவு திருத்திக் கொடுப்பது என் வேலை. உள்ளே துணி மடித்து அடுக்குவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக மடிக்கிறாள்.

பொடிப்பொடியாகப் பூப்போட்ட துணிதான் உடுத்துவாள். கேட்டால், "கறை பட்டா தெரியாதுக்கா" என்பாள். கறை மட்டுமா, அவளே தெரியமாட்டாள். பூத்துணி அடுக்குக்கு முன்னால் அவள் நிற்பது தெரியாமல் முதலாளி இரண்டு முறை கடையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளேயிருந்து சத்தம் போட்டாயா என்று கேட்டேன். "அவரு அவசரமா போனாரு, எதுக்கு தொந்தரவு"ன்னு சொன்னாள். இப்படி ஒரு பிறவியைக் கடவுள் என் கூடப் படைத்துவிட்டார், நான் என்ன செய்ய.

அவள் பொறுப்பில் இருந்தது வெறும் நிறத் துணிகள். பூ இல்லை, கோடு இல்லை, ஜரிகை இல்லை. கருநீல மேல்சட்டையும் கடுகு மஞ்சள் பேன்ட்டும் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிட்டன. ஒரு திங்கட்கிழமை முதலாளி வந்து நின்றார்.

"இதை எவன் வாங்குவான்? சனிக்கிழமைக்குள்ள பத்து செட்டாவது போகணும். போகலைன்னா இந்தப் பகுதியையே எடுத்துடுறேன். நீ கீழ குடோனுக்குப் போயிடு."

குடோன் கடைக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, மனுஷர் கிடையாது. அன்று முழுக்க அவள் மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, மேல இருக்கும்போதே என்னை யாருக்கும் தெரியல. கீழ போனா எனக்கே என்னைத் தெரியாது"ன்னாள். எனக்கு நூல் கோக்க வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் கை தவறி ஒரு நீலச் சட்டை மஞ்சள் பேன்ட் அடுக்கின்மேல் விழுந்தது. அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க. தனித்தனியா இருந்தப்போ ரெண்டும் அழுது வடிஞ்சுது. சேர்ந்து நிக்கும்போது பாருங்க, ஒண்ணையொண்ணு தூக்கிக் காட்டுது."

உண்மைதான். ஆனால் கண்ணாடி ஜன்னல் மேடையில் நிற்கிற பொம்மைக்கு மாட்டிப் பார்த்தால் சரியாக இல்லை. சட்டை தொடை வரைக்கும் வந்து, பாதி நீலம் பாதி மஞ்சளாக, ஆளை நடுவில் அறுத்து ஒட்டின மாதிரி இருந்தது.

"சரிபாதியா இருக்கக் கூடாதுக்கா. ஒண்ணு பெரியவன், ஒண்ணு சின்னவன்னு இருக்கணும். நீலம் இடுப்போட நின்னுடணும். அதுக்குக் கீழ பூரா மஞ்சளா விழணும்."

முதலாளியிடம் கேட்டேன். "வெட்டுங்க, எப்படியும் குப்பைதானே"ன்னார். சாமியைக் கும்பிட்டுவிட்டு பன்னிரண்டு சட்டையிலும் ஒரு சாண் வெட்டினேன். ஓரம் அடிக்க வெள்ளை நூலை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளை வேணாம். அது மூணாவது நிறம்."

"அடியே, நூல்டி!"

"நூலும் கண்ணுக்குத் தெரியும்."

வெள்ளைப் பித்தானையும் பிடுங்கி, வெட்டின நீலத் துணியையே சுற்றிப் புதுப் பித்தான் வைத்தாள். பொம்மையின் காலுக்கு மஞ்சள் செருப்பு. கழுத்தில், கையில் ஒன்றும் இல்லை. இரண்டே நிறம், ஒரே கோடு. பார்த்தால் நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

முதலாளிக்குப் பொறுக்குமா? வெறும் கழுத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். புதன்கிழமை ரோஸ் துப்பட்டா சுற்றினார். அவள் எடுத்தாள். வியாழக்கிழமை ஜிகினா பெல்ட். எடுத்தாள். வெள்ளிக்கிழமை பொம்மையின் காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பூ. விற்பனை ஒன்றும் இல்லை. ஜனங்கள் பார்த்துவிட்டு, எதைப் பார்த்தோம் என்று தெரியாமலே போனார்கள்.

சனிக்கிழமை காலை, ஷட்டர் திறப்பதற்கு முன்பே நாங்கள் பின்வாசல் வழியாக வந்துவிட்டோம். பேன்ட் நீளம் நடக்கிற மனுஷருக்குச் சரிவருமா என்று பார்க்க ஒரு செட்டை அவளையே போடச் சொன்னேன். வாழ்நாளில் முதல் முறையாகப் பூவில்லாமல் நின்றாள். கையிலிருந்த பச்சை வளையலைத் தானே கழற்றி வைத்தாள். அப்படியே ஜன்னல் மேடையில் ஏறி, பொம்மையின் பச்சைப் பூவைப் பிடுங்கினாள். பூவோடு தலையும் வந்தது. தலை உருண்டது, கை கழன்றது, உடம்பு மல்லாந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே முதலாளி ஷட்டர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஷட்டர் மேலே போகிறது. என் ஓரகத்தி பொம்மையைக் காலால் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, முகவாயைத் தூக்கி, அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். "எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்றாள் ஒரு பெண். "பொம்மைதான் கொஞ்சம் குள்ளம்" என்றாள் கூட வந்தவள். கடவுளே, இவளுக்குத் தும்மல் வராமல் காப்பாற்று என்று நான் மிஷினடியில் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரும் உள்ளே வந்து ஆளுக்கொரு செட் வாங்கினார்கள்.

எட்டு செட் போனதும் முதலாளிக்கு ஆசை மிஞ்சிவிட்டது. ரோஸ் துப்பட்டாவோடு மேடையேறினார். "இதையும் போட்டா இன்னும் எட்டு போகும்" என்று சொல்லிக்கொண்டே கழுத்துக்குக் கொண்டுபோனார்.

உதடு அசையாமல் பொம்மை சொன்னது: "வேணாம் முதலாளி. ரெண்டு போதும்."

மனுஷர் அப்படியே உறைந்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் சொன்ன ஒரு பேச்சை அவர் காதில் வாங்கினதில்லை. பொம்மை சொன்னதும் துப்பட்டாவை நாலாக மடித்து, "சரிங்கம்மா"ன்னு சொல்லிப் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து இறங்கினார். நேராக என்னிடம் வந்து, "அம்மா, நீங்க சாமி கும்பிடுறவங்க. பொம்மை பேசினா நல்லதா கெட்டதா?" என்றார்.

"நல்லதைச் சொன்னா நல்லதுதாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

அப்போது என் கொழுந்தன் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். "அண்ணி, இவ எங்க? டப்பாவை மறந்துட்டு வந்துட்டா" என்றவன், ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்தான். "பொம்மை நிக்கிற நிப்பைப் பாருங்க அண்ணி! நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, சுவத்தோட சுவரா. இந்த மாதிரி ஒரு நாள் நின்னிருக்காளா?"

பொம்மை திரும்பியது.

"ஒரு மணி நேரமா நிக்கிறேன். டப்பாவுல ஸ்பூன் வச்சீங்களா?"

டப்பா கீழே விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே கைதட்டல். பழைய ஓரகத்தியாக இருந்தால் திரைக்குப் பின்னால் ஓடியிருப்பாள். இவள் மேடையிலிருந்து நிதானமாக இறங்கி, அதே உடுப்போடு நடந்து வந்தாள். நடக்கும்போது இன்னும் அழகாக இருந்தது. வெளியே நின்றவர்களில் மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பத்து முடிந்து, பதினோராவதுக்கு நான் அவசரமாகச் சட்டை வெட்டவேண்டியதாயிற்று.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்து எந்த ரெண்டு நிறம்மா?" என்று கேட்டார்.

"வாழைக்குருத்துப் பச்சையும் அரக்கும். யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

குடோனுக்குத் தலை கழன்ற பொம்மைதான் போயிற்று. ஒரு நாள் நூல்கண்டு எடுக்க இறங்கினேன். ரோஸ் துப்பட்டா, ஜிகினா பெல்ட், கழுத்துத் தண்டில் செருகின பச்சைப் பூ என்று முதலாளி ஆசை தீர அலங்காரம் செய்து வைத்திருந்தார்.