உளவு மேடத்தின் அறுபது நாள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த கம்பெனியில், புகார்ப் பதிவுகளை அலசும் அனலிஸ்ட்டாக அவள் சேர்ந்தபோது வயது முப்பத்தொன்பது. அதற்கு முன் ஒன்பது வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுத்தவள். ஒரே தெருவிலிருந்து ஒரே புகார் வாராவாரம் வருவதையும், அது ஒவ்வொரு முறையும் புதுப் புகாராகவே பதிவாவதையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் மாலை வகுப்பில் புள்ளியியல் படித்தாள். பஸ் ஓட்டும் கணவர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மூன்று வருடம் வீட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டார்.

அவளை வேலைக்கு எடுத்தது தலைமை அலுவலகம். சர்வீஸ் மேனேஜரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மெக்கானிக்காக உள்ளே வந்து இருபத்திரண்டு வருடத்தில் மேனேஜர் ஆனவர். லிஃப்ட் கதவில் மாட்டி நசுங்கிய இடது கைச் சுண்டுவிரல் இன்னும் நேராக நீளாது. அவளுக்கு முன் வந்த இரண்டு அனலிஸ்ட்டுகளும் கலர் கலராகப் படம் போட்டு, மெக்கானிக்குகள் சோம்பேறிகள் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவளை அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்த ஒரு வாரத்தில், ஒரு திங்கள்கிழமை காலை, அவருடைய கண்ணாடி அறையில் அறுபது நாள் திட்டத்தை வைத்தாள். இரண்டே பக்கம். முதல் இருபது நாள் போன் டெஸ்க்கில் உட்காருவது, மெக்கானிக்குகளோடு வேனில் போவது, எந்தப் புகார் எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்துகொள்வது. அடுத்த இருபது நாள் பதிவுகளைச் சரிபார்த்து, முக்கியமான ஒரு பிரச்சினையை மட்டும் பிடிப்பது. கடைசி இருபது நாள் ஒரு பகுதியில் சின்னதாக ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பது. கீழே, அவரிடமிருந்து என்னென்ன அனுமதி வேண்டும் என்றும், எந்த அறிக்கையிலும் தனிப்பட்ட மெக்கானிக்கின் பெயர் இருக்காது என்றும் எழுதியிருந்தாள்.

அவர் படித்துக்கொண்டே சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் இருபது நாளின் மேல் குறுக்கே கோடு இழுத்தார்.

“சும்மா ஊர் சுத்திப் பாக்க இருபது நாளா? எனக்கு வேண்டியது ரெண்டு வாரத்துல ரிப்போர்ட்.”

“அதை வெட்டிட்டா, மீதி நாள்ல நான் சொல்றதெல்லாம் ஊகம்தான் சார். உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு பேர் ஊகம் சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம்கூட ஈரம் இல்லை. இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். அறுபதாவது நாள் எது நடந்திருந்தால் இவளை எடுத்தது தண்டம் இல்லை என்று அவர் ஒப்புக்கொள்வார்?

“மெக்கானிக் போய்ட்டு வந்த லிஃப்டுக்கே மறுபடி மறுபடி போன் வருது. அது குறையணும். குறையாது, எனக்குத் தெரியும்” என்றார். பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, புதன்கிழமைதோறும் அரை மணி நேரம் வந்து கண்டதைச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு, தாளை மேஜையின் மேல் தள்ளிவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் லேசில் கழியவில்லை. மெக்கானிக்குகள் அவளுக்கு ‘உளவு மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். வேனில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் ஒருவர், மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளைக் கட்டடத்தின் வாசலில் நிற்க வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார். அவள் முக்கால் மணி நேரம் நின்றாள். மறுநாள் அதே வேனில் போய் ஏறிக்கொண்டாள். முந்தின நாள் நடந்ததைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று தெரிந்ததும் அந்த மெக்கானிக் மட்டும் மெல்ல வாயைத் திறந்தார். கதவு உருளை தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வேனில் புது உருளை இல்லை. ஸ்டோரில் வாங்க மேனேஜர் கையெழுத்து வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும். அதனால் துடைத்து, இறுக்கி, லிஃப்டை ஓடவிட்டு, புகார் முடிந்தது என்று போட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு வாரத்தில் கதவு மறுபடி மாட்டிக்கொள்ளும். அது புதுப் புகார் எண்ணில் வரும்.

நான்காவது புதன்கிழமை அவள் எண்களோடு போனாள். நூறு புகாரில் தொண்ணூற்று நான்கு அன்றைக்கே முடிகிறது என்பது மேனேஜர் மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பும் பெருமை. புகார் எண்ணை விட்டுவிட்டு லிஃப்டை வைத்துச் சேர்த்துப் பார்த்தால், நூற்றில் முப்பத்தொன்று, அதே லிஃப்டில் அதே பழுது ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தது. அதில் பாதிக்கு மேல் கதவு.

“அப்ப நான் இத்தனை வருஷம் அனுப்பினது பொய்யா?”

“பொய் இல்ல சார். எவ்வளவு சீக்கிரம் முடிச்சோம்ங்கிறதுக்கு அது சரியான பதில். சரியா முடிச்சோமாங்கிறது வேற கேள்வி.”

அவர் முகம் கறுத்தது. எந்தெந்த மெக்கானிக் போன லிஃப்ட் திரும்ப வருகிறது என்று பெயரோடு பட்டியல் கேட்டார், அதுவும் சாயங்காலத்துக்குள். அவள் முடியாது என்றாள். அவர் குரல் உயர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் போன் டெஸ்க்கில் தலைகள் திரும்பின.

“யார் போனாலும் திரும்ப வருது சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆளை மாத்தி பிரயோஜனம் இல்ல. ஸ்டோர்ல கையெழுத்துக்கு நிக்குற ரெண்டு நாள்தான் காரணம்னு நினைக்கிறேன்.”

அந்தக் கையெழுத்து விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அது தெரியும் என்பது அவருக்கும் புரிந்தது. “போங்க” என்றார்.

அடுத்த இரண்டு புதன்கிழமையும் அவர் அவளைக் கூப்பிடவில்லை. அவள் அவர் அறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். வேறு வேலை தேடட்டுமா என்று கணவரிடம் கேட்டாள். அறுபது நாள் முடியட்டும், துரத்தினால் அவர் துரத்தட்டும், நீயாக ஏன் இறங்குகிறாய் என்றார் அவர்.

அந்த நாட்களில் மேனேஜர் பழைய பதிவுகளைத் தானே வரவழைத்து, பெயர்களோடு ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்டோர்க்காரர்தான் பிறகு சொன்னார். மேனேஜர் தன் கையாலேயே வளர்த்த, கெட்டிக்காரர்கள் என்று நம்பிய மெக்கானிக்குகளின் லிஃப்டுகளும் மற்றவர்களைப் போலவே திரும்ப வந்திருந்தன.

முப்பத்தொன்பதாவது நாள், நடைபாதையில் நின்றபடியே சொன்னார்: “கிழக்குப் பகுதி. நாலு வேன். கதவு சாமான் கையெழுத்து இல்லாம எடுத்துக்கட்டும். இருபது நாள். ஏதாவது காணாம போச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்.”

எதுவும் காணாமல் போகவில்லை. முந்தைய இருபது நாளில் அந்தப் பகுதியில் பத்தொன்பது கதவுப் புகார்கள் திரும்ப வந்திருந்தன. இந்த இருபது நாளில் பதினொன்று. அறுபதாவது நாள் அவள் அதைச் சொல்லிவிட்டு, எண்ணிக்கை சின்னது, தற்செயலாகவும் குறைந்திருக்கலாம், இன்னும் இரண்டு மாதம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாள்.

“ஜெயிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா உங்களுக்கு?” என்று எரிந்து விழுந்தார் அவர். பிறகு, இன்னும் இரண்டு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவள் பெயர் இல்லை. திரும்ப வரும் புகார் என்று ஒரு புது வரி மட்டும், தொண்ணூற்று நான்குக்குக் கீழே, அவர் கைப்பட எழுதியபடியே இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, மெக்கானிக்குகள் உட்காரும் நீள மேஜைக்குப் போனாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. ஒருவர் மட்டும் தன் கருவிப் பையை நகர்த்தி இடம் விட்டார்.