மூன்றாம் ஓலை

கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு ஞாயிறு முழுக்க வகுப்பு உண்டு. அம்பத்தூரில் நடக்கும் வகுப்பில் 'அன்பு' என்ற பாடத்தை எடுப்பது நானும் என் வீட்டுக்காரரும். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பும்போதே சண்டையை ஆரம்பித்து மேடையில் முடிப்போம். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர் கட்சி எப்போதும் ஒன்றுதான். "அன்புங்கிறது உணர்ச்சி இல்ல, முடிவு. தினம் காலையில எந்திரிச்சதும் 'இவதான்'னு முடிவு பண்றேன்." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முடிவு பண்ணி நேசிக்க நான் என்ன கரண்ட் பில்லா? அன்பு தானாக வர வேண்டும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த ஞாயிறு சாப்பாட்டு இடைவேளையில் திருநின்றவூர்ப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். அவளுக்கு நிச்சயமான கொரட்டூர்ப் பையன் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இவளுக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது.

"நிச்சயத்தப்போ அவர் மேல அவ்ளோ ஆசையா இருந்தேன் ஆன்ட்டி. இப்போ ஒண்ணுமே தோணல. அடுத்த வாரம் மூணாவது ஓலை. நிறுத்திடட்டுமா?"

"நீ முடிவு பண்ணிட்டா போதும்மா," என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பொண்ணு வாழ்க்கைங்க, விளையாடாதீங்க."

"உணர்ச்சி ஜுரம் வந்தாலே ஓடிடும். அதை நம்பி சாகுற வரைக்கும்னு எப்படி வாக்குக் கொடுக்கிறது? நம்ம கையில இருக்கிறதைத்தானே கொடுக்க முடியும்?"

"தினம் காலையில முடிவுன்னா, தினம் காலையில வேண்டாம்னு சொல்லவும் இடம் இருக்கில்ல? நான் என்னத்த நம்பித் தூங்குறது? சரி, வெறும் முடிவுதான்னா எதுக்கு என்னை? எதிர்வீட்டு டீச்சரை முடிவு பண்ணியிருக்கலாமே!"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது... உன்னைப் பார்த்ததும் ஆயிடுச்சு. அதை நான் பண்ணல."

"அப்படி வாங்க வழிக்கு!" என்றேன். ஜெயித்துவிட்ட குஷி எனக்கு. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எனக்கு ஆனதுதானே போயிடுச்சு, ஆன்ட்டி."

இவர்தான் மெதுவாகக் கேட்டார், ரெண்டு பேரும் இப்போதெல்லாம் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று. மண்டபம், மேக்கப், பத்திரிகை என்றாள்.

"ஆசையை வான்னு கூப்பிட முடியாதும்மா. அது வந்தா உட்கார இடமாவது வேணும்ல? ஒரு வாரம் கல்யாணப் பேச்சை விட்டுட்டு அவனைப் பாரு. அதை மட்டும் முடிவு பண்ணு."

"பார்த்தும் வரலைன்னா நிறுத்திடு," என்றேன் நான். "ஓலை வாசிக்கிறதே தடை இருந்தா சொல்லத்தான். முதல்ல அவன்கிட்ட உண்மையைச் சொல்லு."

அடுத்த ஞாயிறு மனசு கேட்காமல் ரயிலேறித் திருநின்றவூர் கோயிலுக்கே போனோம். பூசை முடிந்தது. வேறு யார் யார் ஓலையோ வாசித்தார்கள், அவளுடையது இல்லை. ஐயோ, என் வாயால் ஒரு கல்யாணம் நின்றதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தால் இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள்.

பையன் தலையைச் சொறிந்தான். "எல்லாத்தையும் சொல்லிச்சு அங்கிள். நான் இன்னா பண்றது? புடிக்கலன்னா புடிக்கலதான். நீ எப்ப சொல்றியோ அப்ப படிக்கட்டும், நான் இங்கதான் கீறேன்னேன்."

"ஃபாதர்கிட்ட போய் இந்த வாரம் வேண்டாம்னு நிறுத்தி வச்சிட்டேன்," என்றாள் அவள். "வேண்டாம்னும் சொல்லலாம்னு ஆனப்புறம்தான் ஆன்ட்டி இவரை நிதானமாப் பார்த்தேன். அழுகையை அடக்கிக்கிட்டு எனக்கு டீ வாங்கியாந்தார். அப்படியே நெஞ்சு அடைச்சிடுச்சு. அடுத்த ஞாயிறு வாசிக்கச் சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறதே என்றுதான் இத்தனை வருஷமும் நான் இவரிடம் மல்லுக்கு நின்றேன். அந்த இடம் தினமும் இருந்தும் இவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இது ஏன் எனக்கு உறைக்காமல் போனது?

மறுநாள் காலை அவர் கண் விழித்ததும் கேட்டேன். "இன்னைக்கு என்ன முடிவு?"

"காபி குடிச்சிட்டுச் சொல்றேன்," என்று பால் காய்ச்ச எழுந்து போனார். கலைந்த தலையோடு, லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு போகிற அந்த மனுஷனைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு அடைத்தது. அதை நான் முடிவு பண்ணவில்லை.