"பார்க்கலாம்" என்று எழுதிய அட்டை

எங்கள் பனியன் கம்பெனியின் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரம் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். கடிதம் போட்டவர்கள் எட்டுப் பேர், ஆள் அனுப்பியவர்கள் மூவர். கம்பெனியில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

நூல் தட்டுப்பாடான காலம் அது. கிடங்கில் இருந்த நூல் நான்கு நாளைக்கு மேல் வராது. பனியன் உற்பத்தியாளர் சங்கப் பொறுப்பும் அப்போது முதலாளியின் தலையில்தான். திங்கட்கிழமை காலை கடிதங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இந்த வாரம் நான் போகலீனா அங்க எதுங்க நின்னு போகும்?"

நூல் மில் ஏஜென்டின் கடிதத்தைத் தொட்டபோது பதில் இருந்தது: மிசின் நின்றுபோகும். அடுத்த மாத ஒதுக்கீட்டை அவர் புதன்கிழமை மதிய ரயிலுக்கு முன் முடிவு செய்துவிடுவார். முதலாளி இல்லாமல் சங்கக் கூட்டம் நடக்காது, சாயப்பட்டறைத் தகராறும் தீராது. ஆக மூன்று. பூண்டியிலிருந்து பள்ளிக் கட்டட விழாவுக்குத் தலைமை தாங்கக் கேட்டிருந்தார்கள். மாலையும் மேடையும் யாருக்குத்தான் கசக்கும்? அதற்கு முடியாது என்றார். தம்பியை அனுப்புவதாக அன்றே எழுதச் சொன்னார். "இன்னைக்கே சொன்னாத்தானுங்க அவிய வேற ஆளப் பாக்க முடியும்." மற்றவர்களில் சிலரை மேஸ்திரியிடம் அனுப்பினார், சிலருக்கு வேறு நாள் கொடுத்தார். சனிக்கிழமை காலையை மட்டும் யாருக்கும் தரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாம பண்ற தப்புக்கு ஒரு நேரம் வேணுமில்லீங்க?" என்று சிரித்தார்.

மடத்துக்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் பத்து வருடமாக எங்களிடம்தான் பனியன் வாங்குகிறார். "ஒரு சங்கதி பேச வேண்டும். புதன்கிழமை வரட்டுமா?" என்று அட்டை போட்டிருந்தார். இந்த வாரம் முடியாது, அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு வரலாம் என்று எழுதச் சொன்னார் முதலாளி. எனக்குக் கை வரவில்லை. பத்து வருடத்து மனிதருக்கு முகத்தில் அடித்த மாதிரி "முடியாது" என்பதா? செவ்வாய்க்கிழமையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, "அலுவல் மிகுதி. பார்க்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். மரியாதையாக மறுத்துவிட்டதாகத் திருப்தி வேறு.

புதன்கிழமை பத்தரை மணிக்குப் பாய் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். உள்ளே ஏஜென்டோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு இல்லீங்களே பாய். நான்தான் எழுதியிருந்தனே..."

அவர் அட்டையை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "பார்க்கலாம்னுதானுங்க போட்டிருக்கு. அதான் பாக்க வந்தேன். உங்க ஊருல பாக்கலாம்னா பாக்க வேண்டாம்னு அர்த்தமுங்களா?"

பையைப் பிரித்தார். ஒரே துவைப்பில் சுருங்கிப்போன பனியன்கள். கடையில் ஏச்சு வாங்கி அலுத்துவிட்டதாம். வேறு கம்பெனிக்காரர் ஒருவர் இரண்டு முறை கடைக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார். "இன்னைக்குப் பேசி முடிச்சுக்கலாம்னு வந்தனுங்க" என்றார். பத்து வருட வியாபாரம் அந்தப் பையில் இருந்தது.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். முதலாளி ஏஜென்டிடம் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வாங்க பாய். தப்பு எங்க ஆபீஸோடதுதானுங்க. உள்ள பேச்ச உட்டா ரெண்டு நாள்ல மிசின் நின்னு போகும். இப்ப உங்ககூட உக்காந்தா பாதிக் காதுலதான் கேப்பேன், அது உங்களுக்கு மரியாதை இல்லீங்க. சாயந்திரம் வரைக்கும் இருங்கன்னும் சொல்ல மாட்டேன். பைய மேஸ்திரிகிட்டக் காட்டீட்டுச் சாப்பிட்டுப் போங்க. சனிக்கிழமை ஒம்பது மணிக்கு உங்க கடைக்கு நானே பதிலோட வாரனுங்க."

பாய் பனியன்களைப் பையில் திணித்துக்கொண்டே கேட்டார். "வருவீங்களா, பார்க்கலாமுங்களா?"

"வாரனுங்க."

பாய் மேஸ்திரியோடு உள்ளே போனார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மடத்துக்குளம் போனோம். என்னையும் கூட்டிப்போனார், வழியில் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வெளுக்கும்போது துணியை அளவுக்கு மீறி இழுத்து உலர்த்தியதுதான் சுருக்கத்துக்குக் காரணம் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார். கடையிலேயே அதைச் சொல்லி, சரக்கை மாற்றித் தர ஒப்புக்கொண்டார். பாய் டீ வரவழைத்தார். வேறு கம்பெனிப் பேச்சு அதன்பின் எழவில்லை.

திரும்பும்போது முதலாளி ஒன்றே ஒன்று சொன்னார். "முடியாதுன்னு எழுதுனா அன்னைக்கு ஒரு நாள் வருத்தப்படுவாருங்க. பார்க்கலாம்னு எழுதி, பஸ் ஏறி வர வெச்சுட்டமே."

இரண்டு மாதம் கழித்துப் பாயிடமிருந்து மறுபடி ஓர் அட்டை. வியாழக்கிழமை வரலாமா என்று கேட்டிருந்தார். "வியாழன் முடியாது. மன்னிக்கவும். வருகிற செவ்வாய் காலை பத்து மணிக்கு உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாய் வந்து, அட்டையை என் மேசையில் வைத்தார்.

"இப்பத்தானுங்க நீங்க தமிழ்ல எழுதியிருக்கீங்க."