அலமாரியில் இருபத்தாறு நாள்

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளைத் தட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. காரணம் மட்டும் கதவைத் திறந்தாலே தெரியும். மேசை முழுக்க உள்ளங்கை அகலத்தில் எஃகுத் தட்டுகள். ஒரு கிணற்றுத் தண்ணீரை வற்ற வற்றக் காய்ச்சி, கடைசியில் மிஞ்சுகிற வெள்ளைப் படலத்தைத் தட்டில் பரப்பி, விளக்கின் கீழ் உலர்த்தி, கதிர்வீச்சை எண்ணும் இயந்திரத்துக்குள் வைப்பாள். படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். அந்தக் கதிர்வீச்சில் அவள் தேடும் ஆல்ஃபாத் துகள் ஒரு தாளைக்கூடத் தாண்டாத சோம்பேறி. படலம் தடித்துவிட்டால் தன் அழுக்குக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் அவள் கை பூப்போல இருக்கும். பத்தொன்பது வருஷமாக ஒரு தட்டு அவள் கையிலிருந்து விழுந்ததில்லை. வீட்டில் மட்டும் தம்ளர் தவறாமல் விழும். “ஆபீசுல விட்டுட்டு வந்த கையை எப்ப எடுத்துட்டு வருவே?” என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர், வாய்க்குப் பூட்டு கிடையாது.

இப்படிப்பட்டவள் ஒரு தப்பு செய்தாள். கையால் செய்ததில்லை. வரிசையால் செய்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து பம்புக்காரர் இரண்டு கேன் தண்ணீர் கொண்டு வந்தார். நூற்றுப்பத்து வீடுகளுக்கும் அங்கே ஒரே ஆழ்துளைக் கிணறுதான். தண்ணீர் எடுத்த தேதி, மணி, நிமிஷம் எல்லாம் கேனின் மேல் குண்டுகுண்டான எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். எடுத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. சைக்கிளில் வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கேனைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கி வைத்தார்.

அந்த வாரம் இரண்டு இயந்திரங்களில் ஒன்று படுத்துவிட்டது. ஒரு தொழிற்சாலையின் மாதிரிகள் ஏற்கெனவே காத்திருந்தன. அந்தத் தொழிற்சாலைக்காரர் தினமும் இரண்டு முறை போன் செய்து காதைத் தின்றார். பம்புக்காரர் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. யார் கத்துகிறார்களோ அவர்கள் வேலை முதலில் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் தட்டக்கா அப்படித்தான் செய்தாள். இந்தத் தண்ணீரில் இருந்தால் ரேடியம் இருக்கும், அது பாதியாகக் குறையவே ஆயிரத்தறுநூறு வருஷம் ஆகும், அதுதான் அதன் அரை ஆயுள், ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். கேன்கள் இருபத்தாறு நாள் அலமாரியில் கிடந்தன. பிறகு எண்ணினாள். அளவு வரம்புக்குள் இருந்தது. குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இதை அவள் அதோடு மறந்தேபோனாள். மறக்காமல் இருந்திருந்தால்கூட நெஞ்சில் இவ்வளவு பாரம் ஏறியிருக்காது.

இந்த வருஷம் அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்து நிலத்தில் தோண்டிய வேறொரு கிணற்றின் தண்ணீர் வந்தது. இயந்திரங்கள் இரண்டும் சும்மா இருந்ததால் இரண்டாம் நாளே எண்ணிவிட்டாள். அளவு வரம்பைப் போல மூன்று மடங்கு. கை சுத்தமில்லையோ என்று சந்தேகப்பட்டு நான்கு நாள் கழித்து அதே தட்டை மறுபடி வைத்தாள். ஏறக்குறைய பாதி. இன்னும் நான்கு நாள் கழித்து, அதிலும் பாதி. போன வருஷப் பதிவேட்டை எடுத்துப் பம்புக்காரரின் கேன்களுக்கான தேதிகளைத் தேடினாள். ரேடியத்தில் இன்னொரு வகை உண்டு. இருநூற்று இருபத்துநான்கு என்று எண் போட்டது. பாறைக்குள் இருக்கும் தோரியத்திலிருந்து பிறந்து தண்ணீரில் கரைந்து வரும். அதன் அரை ஆயுள் நான்கு நாளைக்குச் சற்றுக் குறைவு. இருபத்தாறு நாளில் ஏழு முறை பாதியாகி, நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அவள் எண்ணியது மிச்சமிருந்த சக்கையை. அந்த நூற்றுப்பத்து வீட்டுக்காரர்கள் குடிப்பதோ குழாயிலிருந்து அன்றன்றைக்குப் புதிதாக வருகிற தண்ணீர்.

தெரியாமல் செய்தாள் என்று சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும். அதற்கும் வழியில்லை. அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. ஆல்ஃபாவின் சக்தி கொஞ்சம் ஏறினால் அரை ஆயுள் தலைகுப்புற விழுவதைக் காட்டுகிற படம். ஒரு முனையில் பல நூறு கோடி வருஷம் உயிரோடிருக்கும் யுரேனியம். மறு முனையில் கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாங்காத பொலோனியம். படிக்கும்போது அதை வரைந்து மதிப்பெண் வாங்கியவளே அவள்தான்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் பம்புக்காரருக்குப் போன் செய்து, வழக்கமான சோதனைதான் அண்ணே, ஒரு கேன் கொண்டுவாங்க என்றாள். பொய் சொல்லிப் பழகாத வாய். அவர் மறுநாள் காலையிலேயே அதே சைக்கிளில் வந்தார். அதே குண்டு எழுத்து. வந்தவர் சும்மா போகாமல், மருமகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதமாகிறது என்றும், மாசமாக இருந்தபோது, அந்த அறிக்கை வந்த நாளிலிருந்து வெளித் தண்ணீர் தொடவிடாமல் தங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கச் சொன்னார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணி ஆச்சேம்மா. வேற எதை நம்புறது?”

அன்று அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

புதிய கேனை உடனே காய்ச்சி எண்ணினாள். வரம்பைப் போல மூன்றரை மடங்கு. மேலாளரிடம் போய் நடந்தது நடந்தபடி சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“தண்ணி மாறிடுச்சுன்னு எழுதிடலாம். போன வருஷம் நல்லா இருந்தது, இந்த வருஷம் கெட்டுப்போச்சு. கிணத்துல அப்படி நடக்கறதுதானே? அவங்க குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. அதுதானே நமக்கு வேணும்?”

“தண்ணி மாறலை சார். நான்தான் அதைக் காக்க வெச்சேன்.”

“கையெழுத்துப் போடற அதிகாரம் போயிடும், தெரியுதா?”

தெரியும் என்றாள். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவர் காட்டிய வழி அன்று முழுக்க அவளை இழுத்தது. பஸ்ஸில் போகும்போது அந்த அறிக்கையை மனசுக்குள் வரி பிசகாமல் எழுதிப் பார்த்துவிட்டாள். அழகாகத்தான் வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டுக்காரர் கேலி பேச ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எல்லாம் கேட்டபின், “போய்ச் சொல்லிடு. இல்லேன்னா வீட்டுல ஒரு தம்ளரும் மிஞ்சாது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் குடியிருப்பின் பம்பு அறைக்கு வெளியே பதினைந்து இருபது பேர் கூடினார்கள். தட்டக்கா உட்காரவில்லை. இன்றிலிருந்து குடிக்க வேண்டாம் என்பதை முதலில் சொன்னாள். பிறகு, தப்பு கிணற்றுடையது இல்லை, தன்னுடையது என்று, இரண்டு வகை ரேடியத்தையும் கேன்கள் கிடந்த இருபத்தாறு நாளையும் சொன்னாள். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் விடவில்லை.

“ரெண்டும் ரேடியம்ங்கறீங்க. ஒண்ணு ஆயிரத்தறுநூறு வருஷம் இருக்கும், இன்னொண்ணு நாலே நாளா? காதுல பூ சுத்துறீங்களா?”

தட்டக்கா தரையில் குச்சியால் ஒரு மேடு வரைந்தாள். அதன் இடது பக்கம் செங்குத்து, வலது பக்கம் நீண்ட சரிவு.

“இந்தச் செங்குத்துக்கு இந்தப் பக்கம்தான் அணுக்கரு. உள்ள ஆல்ஃபான்னு ஒரு துகள் கிடந்து முட்டுது. ஒரு நொடிக்கு கோடி கோடி கோடி தடவை. மேட்டைத் தாண்டிக் குதிக்க அதுக்குச் சக்தி பத்தாது. ரெண்டு ரேடியத்துக்குமே பத்தாது. நாம விளையாடற பந்தா இருந்தா காலத்துக்கும் உள்ளதான் கிடக்கும். ஆனா அவ்வளவு பொடிசு பந்து மாதிரி இல்லை, அலை மாதிரி. அலை மேட்டுக்குள்ள தேஞ்சு தேஞ்சு போகும். சுத்தமா அத்துப்போகாது. மறுபக்கம் துளியூண்டு எட்டும். அந்தத் துளிதான் அது வெளிய வர்றதுக்கான வாய்ப்பு. ஓட்டை ஒண்ணும் போடறதில்லை. வெளிய வந்துட்டா அந்த ரேடியம் அணு உடைஞ்சுபோச்சு.”

“சரி, அதுக்கு?”

“ஆயிரத்தறுநூறு வருஷ ரேடியத்துல அது இங்க முட்டுது. நாலு நாள் ரேடியத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு சக்தி அதிகம், அதனால கொஞ்சம் மேல முட்டுது. மேல போகப் போக மேடு ஒல்லியாகுது பாருங்க. தடிமன் கொஞ்சம் குறைஞ்சா வாய்ப்பு கொஞ்சமா கூடாது. பெருக்கிப் பெருக்கிக் கூடும். அந்த அஞ்சுல ஒரு பங்குக்கு, ஆயுள்ல ஒண்ணரை லட்சம் மடங்கு வித்தியாசம். எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் ஒரே ரேடியம்னு நெனச்சு வெச்சுட்டேன்.”

குழாய் ரிப்பேர்க்காரர் குனிந்து தரையில் இருந்த படத்தைப் பார்த்தார். கூட்டத்தில் சிலர் சத்தம் போட்டார்கள். “உங்க பிள்ளைங்களுக்கு இந்தத் தண்ணியைக் கொடுத்திருப்பீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். தட்டக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பம்புக்காரர் கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றார். கடைசியில் அவருடைய மருமகள்தான், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இவனுக்கு என்ன ஆகும்?”

ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை தட்டக்காவின் உதடு வரை வந்தது.

“இப்ப ஒண்ணும் தெரியாதும்மா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா வாழ்நாள்ல வியாதி வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கும். நூத்துப்பத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டா ஒரு கணக்கு சொல்லலாம். இவனுக்குன்னு கேட்டா, அதை யாராலயும் சொல்ல முடியாது. எந்த அணு எப்ப உடையும்னு சொல்ல முடியாத மாதிரிதான்.”

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். திட்டியிருக்கலாம் என்று தட்டக்காவுக்கு இன்றைக்கும் தோன்றும்.

கையெழுத்து அதிகாரம் அந்த மாதமே போனது. தட்டும் இயந்திரமும் அவளிடமே இருந்தன. எடுத்த நேரம் பார்த்து வரிசை போடுவது என்று கூடத்தில் புதிதாக விதி வந்தது. அவள் எழுதிக் கொடுத்த விதி. மேலாளர் ஒரு வார்த்தை மாற்றாமல் ஒத்துக்கொண்டார். குடியிருப்பில் ரேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டித் தொட்டி வைத்தார்கள்.

தொட்டி வந்தபின் எடுத்த முதல் தண்ணீரைப் பம்புக்காரரே கொண்டு வந்தார். கேனை இறக்கி வைத்தார். வழக்கமாக அதோடு கிளம்பிவிடுவார். இந்த முறை கிளம்பவில்லை.

“எப்ப எண்ணுவீங்க?”

“இன்னைக்குக் காய்ச்சுறேன் அண்ணே. நாளைக்கு மதியம் எண்ணி முடிச்சிடுவேன். போன் பண்றேன்.”

“போன் வேண்டாம்மா. நானே வந்து பார்த்துக்கிறேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் சொன்னபடி வந்தார். தட்டக்கா ஒரு நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தட்டை அவர் கண்முன் உள்ளே வைத்தாள், மூடினாள், பொத்தானை அழுத்தினாள். டீ வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு மணி நேரம் இருவரும் எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகத்தான் ஏறின. வரம்புக்கு வெகு கீழே நின்றன.

பம்புக்காரர் எண்ணைத் தன் சீட்டில் குண்டு எழுத்தில் எழுதிக்கொண்டார். எழுந்தார். அடுத்த மாசமும் வருவேன் என்றார்.

“வாங்க அண்ணே” என்றாள்.