கேபிள் வழியாக வந்த தண்ணீர்

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்களில், சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு ஷெட்டில் நானும் என் கல்லூரித் தோழியும் நீருக்கடியில் போகும் சிறிய கேமரா இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பிவிசி குழாய்தான் உடம்பு. படகில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களில் விசிறி மாட்டி, அவற்றையே உந்திகளாக்கியிருந்தோம்.

செய்யூர்ப் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில், கடல்நீர்க் கிணற்றின் அடியில் உறிஞ்சுகுழாய் அடைத்திருந்தது. வழக்கமாக அங்கே இறங்கும் முக்குளிப்பவருக்குக் காதில் ரத்தம் வந்து ஆறவில்லை. அடைப்பைப் பார்க்க எங்கள் இயந்திரம் தயாராகாவிட்டால் மறுநாள் அவரே இறங்குவதாக இருந்தது.

அது தயாராகவில்லை. தண்ணீர் டிரம்மில் முக்கி எடுத்தால் உள்ளே ஈரம். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினோம், கிரீஸ் தடவினோம். கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் க்ளாண்டை நான் மறுபடி மறுபடி முறுக்கினேன். கைப்பம்பால் உள்ளே இருந்த காற்றை இழுத்துவிட்டுப் பார்த்தால், அழுத்தமானியின் முள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது; எங்கோ கசிவு. என்னால் உட்கார முடியவில்லை.

"முறுக்காத, க்ளாண்டே உடைஞ்சிடும்" என்றாள் தோழி.

செய்யூரிலிருந்து வந்திருந்த முக்குளிப்பவர் ஷெட் வாசலில் நின்று பார்த்தார். "இன்னாம்மா, வேலை முடியுமா முடியாதா? காதுல இன்னும் சத்தம் கேட்டுகினு கீது. ஆனா ஓனரு கூப்ட்டா போய்த்தான் ஆவணும்."

கடைசியில் எதிர்வழியில் சோதித்தோம். சைக்கிள் பம்பால் உள்ளே கொஞ்சமாகக் காற்று அடைத்து, டிரம்மில் அமுக்கினோம். மூடியில் குமிழி இல்லை. க்ளாண்டிலும் இல்லை. ஒரு முழம் தள்ளி, உந்தியின் கேபிளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் நான் இறுக்கிக் கட்டிய இடத்தில் கேபிளின் உறை கீறியிருந்தது. க்ளாண்ட் பிடிப்பது உறையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான். கீறலில் நுழைந்த தண்ணீர் உறைக்குள்ளேயே, கம்பி இழைகளுக்கு நடுவே நடந்து வந்திருக்கிறது.

கேபிளை மாற்றினோம். உள்ளே வரும் முனையில் உறையை உரித்து, ஒவ்வொரு கம்பியிலும் கொஞ்சம் செம்பை வெளிக்காட்டி, இழைகளுக்குள் ஈயம் இறங்கி வழி அடைபடும்படி பற்றவைத்து, அந்த இடத்தை எபாக்சிப் பசையில் புதைத்தோம். அது இறுக ஒரு நாள் வேண்டும்.

"ஒரு நாள் பொறுப்பீங்களா?" என்று முக்குளிப்பவரிடம் கேட்டேன்.

"காய்ச்சல்னு சொல்லிக்கிறேன். ஒரு நாள்தான்."

அந்த நாள் முழுவதும் ஷெட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்தேன். எபாக்சியைத் தொடக் கை போகும்போதெல்லாம் தோழி தட்டிவிட்டாள். இறுகியபின் மறுபடி காற்றை இழுத்தோம். முள் அசையவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அங்கேயே நின்றது.

பண்ணையில் பம்பை நிறுத்திவிட்டு இயந்திரத்தைக் கிணற்றில் இறக்கினோம். மேலே வைத்திருந்த கேமராத் திரையில் முதலில் கலங்கலைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு குழாயின் வாய் தெரிந்தது. அதன் மேல் ஒரு பெரிய கிழிந்த நைலான் வலை, நீரில் விரிந்து அலைந்துகொண்டிருந்தது.

முக்குளிப்பவர் திரைக்கு அருகே குனிந்தார். "இந்தக் கலங்கல்ல எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. கால்ல சுத்திகினு இருக்கும்."

மேலிருந்தே கொக்கி போட்டு வலையை இழுத்தோம். கொக்கியை எங்கே இறக்குவது என்று திரையைப் பார்த்து அவர்தான் சொன்னார். வலை வந்ததும் இயந்திரத்தைத் தூக்கி, துடைத்து, மூடியைத் திறந்தேன். ஈரம் பட்டால் தெரிய உள்ளே வைத்திருந்த டிஷ்யூ காகிதம் காய்ந்தே இருந்தது. அப்போதும் நம்பாமல், விரலை விட்டு உள்சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன்.